பத்து லட்சம் போட்டால் பதினாறரை லட்சம் வருது... அப்போ லாபம்தானே?

(சேத்தியாத்தோப்பில், சொந்தத் தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கான கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் படித்தது இதழியல். கணக்கு எனக்குப் பள்ளியிலேயே கொஞ்சம் தூரத்துச் சொந்தம்தான். அப்படிப்பட்ட நான் இன்னைக்கு உங்க முன்னாடி ஒரு கணக்கைப் பேச வந்திருக்கேன் என்றால், அதற்கு ஒரு அக்காதான் காரணம். பெயரைப் போட வேண்டாம்னு சொன்னாங்க. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பல வருஷம் வேலை பார்த்தவங்க. அச்சில் களிமண் கரைசலை ஊற்றுவதில் இருந்து சூளையில் அடுக்குவது வரை எல்லாம் கைவந்த வேலை. வீடு இங்கே சேத்தியாத்தோப்பில். அவங்க ஆசை ஒன்றுதான். சொந்தமா ஒரு எரிவாயு சூளை போடணும். கார்த்திகைக்கு அகல் விளக்கும், கொலுவுக்குச் சின்னச் சின்ன பொம்மைகளும் செய்து விற்கணும்.

"தம்பி, பத்து லட்சம் போட்டா அஞ்சு வருஷத்துல பதினாறரை லட்சம் திரும்புது. நகையை வெச்சுடலாமா?" என்று கேட்டாங்க.

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பேச்சு. இதில் வரும் ரூபாய் எல்லாம் அந்த அக்கா நோட்டில் எழுதி வைத்திருந்த மதிப்பீடு. உங்க தொழிலுக்கு உங்க எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். வழி மட்டும் இதேதான்.

அக்காவின் நோட்டு

விருத்தாசலத்துக்குப் பீங்கான் தொழில் வந்ததற்கு ஒரு காரணம் பக்கத்தில் இருக்கும் நெய்வேலி. நிலக்கரி எடுக்க மேல் மண்ணை அகற்றும்போது வெள்ளைக் களிமண்ணும் சேர்ந்தே கிடைத்தது. பீங்கான் தொழிற்பேட்டை வந்தது, பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுக் கல்வி நிறுவனமும் வந்தது. அதனால் நம்ம பகுதியில் மண்ணும் இருக்கு, கை தெரிந்த ஆளும் இருக்கு. இல்லாதது முதல்.

அக்காவின் செலவுப் பட்டியல் இது. சூளையும் பர்னரும் 6 லட்சம். கொட்டகை 2 லட்சம். அச்சுகள், அரைக்கும் இயந்திரம் முதலியவை 50,000. மீதி 1.5 லட்சம் நடைமுறை முதல். அதாவது களிமண், எரிவாயு, கிளேஸ் பூச்சு வாங்கவும், சரக்கைக் கடனுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவும் வேண்டிய பணம். மொத்தம் 10 லட்சம்.

வரவு என்ன? முதல் வருஷம் 1 லட்சம்தான். புதுச் சூளை நம்ம கைக்குப் பழக நாளாகும். வெப்பம் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் ஏறாமல் சரக்கு வெடிக்கும், கோணும், பூச்சு சரியாக ஒட்டாது. அதை அக்கா மறக்காமல் எழுதியிருந்தாங்க. இரண்டாம் வருஷம் 2.5 லட்சம். மூன்று, நான்கு, ஐந்து வருஷங்களில் தலா 3.5 லட்சம். ஆக 14 லட்சம். ஐந்தாம் வருஷக் கடைசியில் தொழிலை நிறுத்துவதாக வைத்துக்கொண்டால், நடைமுறை முதல் 1.5 லட்சம் கைக்குத் திரும்பும். சூளையை விற்றால் 1 லட்சம் வரும். கூட்டினால் 16.5 லட்சம்.

இங்கே "வரவு" என்பது விற்பனை இல்லை. மண், எரிவாயு, கூலி, மின்சாரம், தேய்ந்துபோன அச்சுக்குப் பதில் புது அச்சு, எல்லாம் போக வருஷக் கடைசியில் கையில் நிற்கும் ரொக்கம். அக்கா இன்னொரு நல்ல காரியமும் செய்திருந்தாங்க. பட்டறையில் தனக்குக் கிடைக்கும் மாதம் 10,000 ரூபாயையும் செலவில் சேர்த்திருந்தாங்க. சொந்தத் தொழிலுக்கு வந்தால் அந்தச் சம்பளம் நின்றுவிடும் இல்லையா? "நம்ம உழைப்புதானே" என்று அதை விட்டுவிடுகிற இடத்தில்தான் பல கணக்குகள் பொய்யாகின்றன.

சரி, 10 போட்டு 16.5 வருது. 6.5 லட்சம் லாபம். வேறென்ன வேணும்?

காத்திருப்புக்கும் விலை உண்டு

கரும்பு போடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்க. வெட்டின அன்னைக்கே கிடைக்கும் பணமும், அடுத்த வருஷம் கிடைக்கும் அதே பணமும் ஒன்றா? இல்லை என்று உடனே சொல்வாங்க. இடையில் வட்டி ஓடுது. உர விலை ஏறுது. அந்தப் பணம் கையில் இருந்தால் வேறு ஏதாவது பார்த்திருக்கலாம்.

அக்காவின் கூட்டலில் இந்த விஷயம் இல்லை. இன்னைக்குப் போடும் 10 லட்சத்தையும் ஐந்து வருஷம் கழித்து வரும் 6 லட்சத்தையும் ஒரே தராசில் வைத்துவிட்டாங்க. ஒன்று இன்றைய ரூபாய், மற்றது ஐந்து வருஷத்துக்கு அப்புறம் வரும் ரூபாய். இரண்டையும் ஒப்பிட வேண்டுமென்றால், எல்லாவற்றையும் இன்றைய ரூபாயாக மாற்ற வேண்டும்.

மாற்றுவது எப்படி? வங்கி அக்காவுக்குச் சொன்ன கடன் வட்டி 12 சதவீதம். இன்னைக்கு 1,00,000 ரூபாய் 12 சதவீதத்தில் வளர்ந்தால் ஒரு வருஷத்தில் 1,12,000. இதைத் திருப்பிப் பாருங்க. அடுத்த வருஷம் வரும் 1,12,000-ன் இன்றைய மதிப்பு 1,00,000. அதாவது 1.12-ஆல் வகுத்தால் ஒரு வருஷம் பின்னால் வருகிறோம். இரண்டு வருஷம் கழித்து வரும் பணத்தை இரண்டு முறை வகுக்க வேண்டும். ஐந்து வருஷம் என்றால் ஐந்து முறை. அவ்வளவுதான்.

அக்காவின் வரவுகளை அப்படி மாற்றினோம்:

முதல் வருஷம் 1,00,000 — இன்றைய மதிப்பு 89,286
இரண்டாம் வருஷம் 2,50,000 — 1,99,298
மூன்றாம் வருஷம் 3,50,000 — 2,49,123
நான்காம் வருஷம் 3,50,000 — 2,22,431
ஐந்தாம் வருஷம் 6,00,000 (வரவு 3.5 லட்சம், திரும்பும் முதலும் சூளை விலையும் 2.5 லட்சம்) — 3,40,456

கூட்டினால் 11,00,594 ரூபாய். இதில் இன்னைக்குப் போடும் 10 லட்சத்தைக் கழித்தால் மிஞ்சுவது 1,00,594. இந்த மிச்சத்துக்குப் பெயர்தான் நிகர நிகழ்கால மதிப்பு.

6.5 லட்சம் என்று நினைத்தது 1 லட்சமாகச் சுருங்கிவிட்டது. அக்காவின் முகமும் கொஞ்சம் சுருங்கியது, அதை மறைக்கவில்லை. ஆனால் இந்த 1 லட்சத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். போட்ட 10 லட்சமும், அதற்கு ஐந்து வருஷமும் 12 சதவீத வட்டியும், அக்காவின் சம்பளமும் எல்லாம் போக, அதற்கு மேலே நிற்கும் பணம் அது. இந்த எண் பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் திட்டம் தொடங்கத் தகுதி உள்ளது. கீழே போனால், நோட்டில் எவ்வளவு லாபம் தெரிந்தாலும் அந்தப் பணம் வேறு இடத்தில் இருப்பதே நல்லது.

எந்த வட்டியைப் போடுவது?

அக்கா கேட்ட அடுத்த கேள்வி இதுதான். "12-க்குப் பதில் வேற வட்டி போட்டா?"

போட்டுப் பார்த்தோம். வங்கி வைப்புத்தொகைக்கு 7 சதவீதம் கிடைக்கிறது என்று வைத்து அதே கணக்கைப் போட்டால் மிச்சம் 2.92 லட்சம். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் வைப்புத்தொகையில் போட்ட பணத்துக்குச் சூளை வெடிப்பு கிடையாது, கார்த்திகை நேரத்தில் மழை வந்து வியாபாரம் படுக்கும் பயம் கிடையாது. ஆபத்து உள்ள தொழிலை ஆபத்து இல்லாத வட்டியோடு ஒப்பிடுவது சரியாகாது. சொந்தப் பணம்தானே என்று 7 போட்டு மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம்.

இப்போ மறுபக்கம். நகையும் வேண்டாம், வங்கியும் வேண்டாம், தெரிந்தவரிடம் இரண்டு வட்டிக்கு வாங்கிவிடலாம் என்று வீட்டில் ஒரு யோசனை இருந்தது. நூற்றுக்கு மாதம் 2 ரூபாய். கேட்கச் சின்னதாக இருக்கிறது. வருஷத்துக்கு அது 24 சதவீதம். அந்த வட்டியைப் போட்டால், அதே சூளை, அதே விளக்கு, அதே வியாபாரம், ஆனால் எல்லா வரவின் இன்றைய மதிப்பும் சேர்ந்து 7.8 லட்சம்தான். 10 லட்சத்தில் இருந்து பார்த்தால் 2.2 லட்சம் பள்ளம்.

இதைக் கொஞ்சம் நிதானமாக யோசிங்க. தொழில் மாறவில்லை. அக்காவின் கைத்திறன் மாறவில்லை. பணம் வந்த வழி மட்டும் மாறியது. லாபத் தொழில் நஷ்டத் தொழில் ஆகிவிட்டது. அதனால் "இந்தத் தொழில் நல்லதா?" என்று மட்டும் கேட்பது பாதிக் கேள்வி. "இந்த வட்டியில் நல்லதா?" என்பதுதான் முழுக் கேள்வி.

ஒரு வருஷத் தாமதம் என்ன செய்யும்?

நம்ம ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வெளியூர் உதாரணம் தேவையில்லை. வீராணம் ஏரித் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோகும் திட்டத்துக்குச் சேத்தியாத்தோப்பில்தான் தண்ணீர் எடுக்கிறார்கள். அது வடக்குத்தில் சுத்திகரிக்கப்பட்டு, இருநூறு கிலோமீட்டருக்கும் மேலான குழாயில் சென்னைக்குப் போகிறது. புதிய வீராணம் திட்டத்தில் தண்ணீர் போகத் தொடங்கியது 2004-இல். ஆனால் இந்த யோசனை 1960-களின் கடைசியிலேயே வேலையாகத் தொடங்கி, பாதியில் நின்றது. அப்போது செய்த பெரிய பெரிய சிமெண்ட் குழாய்கள் பல வருஷம் சாலையோரம் கிடந்தன. குழாய்க்குள்ளேயே குடித்தனம் நடத்தியவர்களைப் பற்றி உங்க வீட்டுப் பெரியவங்க சொல்லியிருப்பாங்க.

பணம் போட்டாச்சு, பலன் மட்டும் வரவில்லை. அந்தக் காத்திருப்பின் விலை எவ்வளவு என்று நம்ம கணக்கில் பார்த்தால், 12 சதவீதத்தில் முப்பது வருஷம் கழித்து வரும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு 3 ரூபாய் 34 காசு.

அந்தக் குழாய்களில் இன்னொரு பாடமும் இருக்கு. புதிய திட்டத்தைத் தொடங்கலாமா என்று யோசிக்கும்போது, பழைய குழாய்க்குச் செலவான பணத்தை யாரும் கணக்கில் சேர்க்கக் கூடாது. தொடங்கினாலும் தொடங்காவிட்டாலும் அது போன பணம். அக்காவும் மாதிரி அச்சு செய்வதற்கென்று ஏற்கெனவே 20,000 செலவு செய்திருந்தாங்க. "அதை விட முடியுமா தம்பி?" என்று கேட்டாங்க. விட வேண்டியதுதான். இனிமேல் போகும் பணமும் இனிமேல் வரும் பணமும் மட்டுமே இந்தக் கணக்குக்குள் வரும்.

சரி, அக்காவின் சூளைக்குத் திரும்புவோம். மொத்தப் பணத்தையும் இறக்கியாச்சு, ஆனால் மின் இணைப்போ வேறொரு அனுமதியோ தள்ளிப்போய், உற்பத்தி ஒரு வருஷம் தாமதமாகத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வரவில் ஒரு ரூபாய் கூடக் குறையவில்லை. எல்லாம் ஒரு வருஷம் தள்ளி வருகிறது, அவ்வளவுதான். அப்படியானால் 11,00,594-ஐ இன்னொரு முறை 1.12-ஆல் வகுக்க வேண்டும். 9,82,673 வரும். பத்து லட்சத்துக்குக் கீழே போய்விட்டது! 1 லட்சம் மிச்சம் இருந்த இடத்தில் 17,000 ரூபாய்க்கு மேல் பள்ளம்.

அதனால்தான் அக்காவிடம் சொன்னேன், சூளைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னாடி மற்ற எல்லாக் காகிதமும் கையில் இருக்கட்டும் என்று. காகிதத்துக்காகக் காத்திருக்கும்போது பணம் வங்கியில் இருந்தால் வட்டி வரும். சூளையாக நின்றால் துருதான் வரும்.

மானியத்தை எங்கே சேர்ப்பது?

இங்கே பலரும் வந்திருப்பதே மானியம் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் என்று தெரியும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் திட்டச் செலவில் 15 முதல் 35 சதவீதம் வரை மானியம் உண்டு. நீங்கள் எந்தப் பிரிவு, தொழில் ஊரகத்திலா நகர்ப்புறத்திலா என்பதைப் பொறுத்து அது மாறும். பெண்கள் சிறப்புப் பிரிவில் வருவார்கள். அக்காவுக்கு 25 சதவீதம் என்று வைத்தால் 2.5 லட்சம்.

ஆனால் அந்தப் பணம் உங்க கைக்கு வராது. கடன் கொடுத்த வங்கியில் உங்க பெயரில் மூன்று வருஷம் வைப்பாக இருக்கும். அந்த வைப்புக்கு வட்டி இல்லை. அதே அளவு கடனுக்கும் வங்கி வட்டி போடாது. மூன்று வருஷம் தொழில் ஒழுங்காக நடந்த பிறகு கடனில் கழித்துக்கொள்வார்கள். கடனில் அந்தப் பகுதிக்கு வட்டி ஓடாததால், நம்ம கணக்கில் அதைத் தொடக்கத்திலேயே வந்த பணம் போலச் சேர்க்கலாம். 1 லட்சத்தோடு 2.5 லட்சம் சேர்ந்தால் மிச்சம் 3.5 லட்சம்.

இருந்தாலும் அக்காவிடம் நான் வற்புறுத்திய ஒரு பழக்கம் உண்டு. முதலில் மானியம் இல்லாமல் கணக்கைப் போடுங்க. பிறகு மானியத்தோடு போடுங்க. மானியம் இல்லாமல் பூஜ்யத்துக்கு மேலே நின்றால், அந்தத் தொழில் தன் காலில் நிற்கும், மானியம் அதற்கு ஒரு தாங்கல். மானியத்தைச் சேர்த்தால்தான் நிற்கும் என்றால், ஆபத்து எங்கே என்று புரிந்துகொள்ளுங்கள். இடையில் தொழிலை மூடினால் மானியம் திரும்பிப் போய்விடும். அதாவது, மானியம் ரொம்பத் தேவைப்படும் நேரத்தில்தான் அது கையை விட்டுப் போகும்.

இன்னொன்று முக்கியம். இந்தத் திட்டத்தில் முதல் கடன் புதிய தொழிலுக்கு மட்டும்தான். "அனுமதி வரட்டும், அதுவரை இரண்டு வட்டிக்கு வாங்கித் தொடங்கிடுவோம்" என்று அவசரப்பட்டால், 24 சதவீத வட்டியும் வரும், மானியத் தகுதியும் போகும். இரண்டு பக்கமும் இடி.

எவ்வளவு தாங்கும்?

1 லட்சம் மிச்சம் என்று வந்ததும் பேனாவை மூடிவிடக் கூடாது. அந்த எண்ணுக்குள் இருப்பது எல்லாம் நம்ம ஊகம். அதனால் திருப்பிக் கேட்க வேண்டும்: எது எவ்வளவு குறைந்தால் இந்த மிச்சம் பூஜ்யம் ஆகும்?

அக்காவின் திட்டத்தில் எல்லாம் மூன்று, நான்கு, ஐந்தாம் வருஷத்து 3.5 லட்சத்தில் தொங்குகிறது. அந்த மூன்று வருஷமும் வரவு சுமார் 52,500 ரூபாய் குறைந்தாலே மிச்சம் காலி. மாதத்துக்குப் பார்த்தால் 4,400 ரூபாய் மாதிரி வருகிறது. "தம்பி, எரிவாயு விலை கொஞ்சம் ஏறினா இதுவே போயிடுமே?" என்றாங்க அக்கா. அவங்களுக்கு அப்போதுதான் தொழில் எங்கே நிற்கிறது என்று தெரிந்தது. 3.5 லட்சம் 2.5 லட்சமாகக் குறைந்தால், மானியம் இல்லாமல் 90,000 ரூபாய் பள்ளம். மானியத்தோடு பார்த்தால் அப்போதும் 1.6 லட்சம் மிச்சம்.

ஆக, அக்காவின் நகைக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருக்கும் சுவர் மானியம்தான். அது தெரிந்துகொண்டு இறங்குவது வேறு, தெரியாமல் இறங்குவது வேறு.

உங்க போனிலேயே போடலாம்

வகுத்தல் எல்லாம் நாமே செய்ய வேண்டியதில்லை. கூகுள் ஷீட்ஸ் செயலி போதும். முதல் வரிசையில் தலைப்பு எழுதிக்கொண்டு, `B2` கட்டத்தில் இன்னைக்குப் போடும் பணத்தைக் கழித்தல் குறியோடு எழுதுங்கள். `B3` முதல் `B7` வரை ஐந்து வருஷ வரவுகளை எழுதுங்கள்.

```
B2  -1000000
B3   100000
B4   250000
B5   350000
B6   350000
B7   600000

=B2+NPV(12%,B3:B7)
```

1,00,594 அல்லது 1,00,595 என்று வந்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.

இங்கே நிறையப் பேர் தவறும் இடம் ஒன்று உண்டு. `B2`-வையும் அடைப்புக்குள் சேர்த்து `NPV(12%,B2:B7)` என்று போட்டுவிடுவார்கள். அந்தச் சூத்திரம், முதலில் இருக்கும் எண் ஒரு வருஷம் கழித்து நடப்பதாக எடுத்துக்கொள்ளும். இன்னைக்குக் கொடுக்கும் பணத்தையும் அடுத்த வருஷம் கொடுப்பதாக நினைத்துச் சுருக்கிவிடும். விடை 89,816 என்று வரும். மேலே, கீழே என்பது மாறாது, ஆனால் தொகை தப்பு.

இன்னொரு தவறு ஆடிட்டர் போட்டுத்தரும் திட்ட அறிக்கையில் இருந்து வரும். அதில் "நிகர லாபம்" என்று ஒரு வரி இருக்கும். அதை அப்படியே எடுத்து `B3`-இல் போட வேண்டாம். அந்த லாபம், கடன் வட்டியையும் தேய்மானத்தையும் கழித்த பிறகு வருவது. வட்டியை நாம் ஏற்கெனவே 12 சதவீதம் என்று சூத்திரத்தில் பிடித்துவிட்டோம். மறுபடி கழித்தால் ஒரே வட்டியை இரண்டு முறை கட்டியது போல. தேய்மானம் என்பது கையை விட்டுப் போகும் பணமே இல்லை. சூளைக்கான பணம் முதல் நாளே 10 லட்சத்தில் போய்விட்டது. ஆகவே நிகர லாபத்தோடு வட்டியையும் தேய்மானத்தையும் திரும்பக் கூட்டி, அந்த எண்ணைப் போடுங்கள். இதைச் செய்யாமல் நல்ல தொழிலைக் கைவிட்டவர்களும் இருக்கலாம்.

பிறகு வட்டியை மாற்றிப் பாருங்க. வரவைக் குறைத்துப் பாருங்க. ஒரு வருஷம் தள்ளிப் பாருங்க, அதாவது `B3`-இல் 0 போட்டு மற்றதை ஒரு கட்டம் கீழே இறக்கி, சூத்திரத்தில் `B7`-ஐ `B8` ஆக்குங்கள். பத்து நிமிஷ வேலை.

அக்கா என்ன செய்தாங்க?

நகையை இன்னும் வைக்கவில்லை. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்து, `kviconline.gov.in` தளத்தில் விண்ணப்பித்திருக்கிறாங்க. பட்டறை வேலையை விடவில்லை. சூளைக்காரரிடம் விலைப்புள்ளி மட்டும் வாங்கியிருக்கிறாங்க, முன்பணம் கொடுக்கவில்லை. கூடவே ஒரு மாற்றமும் செய்தாங்க. 2 லட்சம் கொட்டகைக்குப் பதில், உறவினர் வீட்டுப் பின்பக்கம் காலியாக இருக்கும் கொட்டகையை வாடகைக்குக் கேட்டிருக்கிறாங்க. இன்னைக்குப் போகும் 2 லட்சம் குறைந்து, வருஷா வருஷம் கொஞ்சம் வாடகை போகும். எது மேல் என்று கேட்டேன். அவங்களே போனை எடுத்து, `B2`-வில் -800000 என்று மாற்றி, ஒவ்வொரு வருஷ வரவிலும் வாடகை 24,000-ஐக் கழித்துக் காட்டினாங்க. மிச்சம் 1 லட்சத்தில் இருந்து 2.14 லட்சமாக ஏறியது. எரிவாயு விலை ஏறினாலும் தாங்கும் இடம் இரண்டு மடங்காகிவிட்டது.

"இது யார் சொல்லிக் கொடுத்தது அக்கா?" என்றேன்.

"நீதானேப்பா சொன்ன, இன்னைக்குப் போற காசுதான் கனம்னு."

நான் அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை. ஆனால் நிகர நிகழ்கால மதிப்பைப் பற்றி அதைவிடச் சுருக்கமாக எனக்கும் சொல்லத் தெரியவில்லை.